லைட்-அப் புதிர்: எண்கள் தீர்ந்தபின் ஊகித்துத்தான் ஆக வேண்டுமா?

மொட்டைப்பென்சில் | ஜூன் 4, காலை 8:12

7×7 அகாரி ஒன்று, லைட்-அப்பின் இன்னொரு பெயர்தான் அது. பல்ப் தன் வரிசையிலும் பத்தியிலும் கருப்புக் கட்டம் மறிக்கும்வரை வெளிச்சம் தரும், வெள்ளைக் கட்டம் எல்லாவற்றிலும் வெளிச்சம் பட வேண்டும், ஒரு பல்பின் வெளிச்சம் இன்னொரு பல்ப் மேல் படக் கூடாது, எண் என்பது அந்தக் கருப்பின் நான்கு பக்கங்களில் எத்தனை பல்ப் என்பது. எண்களை வைத்துப் போட முடிந்த பல்பையெல்லாம் போட்டாச்சு, அதுக்கு மேல நகரவே இல்லை. # என்பது எண் இல்லாத கருப்புக் கட்டம்.

```
. . . . . . .
. 3 . . . 2 .
. . 1 . . . .
0 . . # . . .
. . . . 2 . .
. 1 . . . 0 .
. . . . . . .
```

வரிசையை முதலில் சொல்றேன், பத்தி அடுத்து. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். நான் வைத்த பல்புகள்: 1,2 / 2,1 / 2,7 / 3,6 / 4,5 / 5,4. இந்த ஆறும் உறுதி.

இன்னும் 13 கட்டம் இருட்டு. மேலே 3-க்கு இன்னொரு பல்ப் வேண்டும், அது 2,3-லா 3,2-லா தெரியவில்லை. கீழே இடப்பக்க 1-க்கு 6,1 / 6,3 / 7,2 மூன்றுமே காலி. 3,3-இன் 1-ஐயும் அந்த 3-இன் பல்பே நிறைத்துவிடும், மற்ற எண்களெல்லாம் நிறைந்துவிட்டன. எந்த எண்ணும் இனி எதையும் கட்டாயப்படுத்தவில்லை என்றால் ஊகித்துத்தானே ஆக வேண்டும்? இதை ஊகமில்லாமல் முடிக்க முடியாது என்பது என் கட்சி.

கருங்கட்டம் | ஜூன் 4, காலை 9:40

முடியும். எண்களை விடுங்கள், இருட்டுக் கட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விதான்: உனக்கு வெளிச்சம் எங்கிருந்து வர முடியும்?

3,2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பல்ப் அங்கேயே இருக்கிறது.

குறுக்குவழி | ஜூன் 4, காலை 10:05

இதுக்கு இவ்வளவு யோசனை எதுக்கு? 2,3-ல ஒரு பல்ப் வச்சுப் பாருங்க, இடிச்சா 3,2. ரெண்டே ரெண்டு வாய்ப்புதான், அரை நிமிஷ வேலை.

இன்னொண்ணு, 3-ம் 1-ம் மூலைக்கு மூலை தொட்டா பல்ப் தானா விழும். 2-ம் 1-ம் தொட்டாலும் அப்படித்தான். அதை மனப்பாடமா வச்சுக்கிட்டா பாதிப் புதிர் முடிஞ்சுது.

புதுத்திரி | ஜூன் 4, காலை 11:31

நடுவில 4,4-ல எண் இல்லாத கருப்பு இருக்கே, அதை ஒட்டி 4,5-லயும் 5,4-லயும் பல்ப் வச்சிருக்கீங்க. எண் இல்லைன்னா பூஜ்யம்தானே? முதல் ஆறே தப்பா இருக்கும் போல.

கருங்கட்டம் | ஜூன் 4, மதியம் 12:15

@புதுத்திரி இல்லை. எண் இல்லாத கருப்பு எந்த நிபந்தனையும் போடாது, வெளிச்சத்தை மறிக்கும், அவ்வளவுதான். அதை ஒட்டி நான்கு பல்ப் இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி. 0 என்று எழுதியிருந்தால்தான் சுற்றிலும் பல்ப் கூடாது. இந்தப் புதிரில் 4,4-ஐ 0 என்று எடுத்தால் வலப்பக்கக் கீழ் மூலையில் உள்ள 5,5-இன் 2-க்கு இடமே இருக்காது, உடனே மாட்டிக்கொள்வீர்கள்.

@குறுக்குவழி மூலைக்கு மூலை விஷயத்தில் 3-1 சரி, 2-1 எல்லா இடத்திலும் சரியில்லை. மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

புதுத்திரி | ஜூன் 4, மதியம் 12:22

ஓ, சரி. அப்ப அந்த ஆறும் எப்படி வந்துச்சுன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும். எனக்கு 5,5 பக்கத்துல இருக்கிறது மட்டும்தான் புரியுது.

கருங்கட்டம் | ஜூன் 4, மாலை 6:48

முதலில் 0-கள். 4,1-இல் இருக்கும் 0-வால் 3,1 / 5,1 / 4,2 மூன்றிலும் பல்ப் கூடாது. 6,6-இன் 0-வால் 5,6 / 7,6 / 6,5 / 6,7 நான்கிலும் கூடாது. இவற்றில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்கு ‘இங்கே பல்ப் வராது’ என்ற ஒரே பொருள்தான். ‘வெளிச்சம் வந்துவிட்டது’ என்ற பொருள் அதற்குக் கிடையாது. இது பின்னால் தேவைப்படும்.

இப்போது 5,5-இன் 2. அதன் நான்கு பக்கங்களில் 5,6-லும் 6,5-லும் புள்ளி விழுந்துவிட்டது. மிச்சம் 4,5-ம் 5,4-ம். இரண்டிலும் பல்ப்.

அடுத்து மேலே 3-ம் 1-ம். 3 இருப்பது 2,2-இல், 1 இருப்பது 3,3-இல். இரண்டையும் ஒட்டி நிற்கும் பொதுக் கட்டங்கள் 2,3-ம் 3,2-ம். இரண்டிலும் பல்ப் வைத்தால் 1-க்கு இரண்டு ஆகிவிடும். ஆகவே பொதுக் கட்டங்களில் 3-க்கு அதிகபட்சம் ஒன்றுதான் கிடைக்கும், மீதி இரண்டும் 1,2-லும் 2,1-லும் இருந்தே தீர வேண்டும். அதே கணக்கில் பொதுக் கட்டம் ஒன்றில் பல்ப் உறுதியாகிவிட்டதால் 1-இன் பங்கு அங்கேயே முடிகிறது. 3,4-க்கும் 4,3-க்கும் புள்ளி. பலர் பல்ப் இரண்டையும் வைத்துவிட்டு இந்தப் புள்ளிகளை மறந்துவிடுவார்கள். இந்தப் புதிரில் 4,3-இன் புள்ளி இல்லாமல் கடைசி வரை போக முடியாது.

கடைசியாக வலப்பக்க மேலே 2,6-இன் 2. 1,2-இன் வெளிச்சம் முதல் வரிசை முழுவதும் ஓடுவதால் 1,6-இல் பல்ப் முடியாது. 4,5-இன் வெளிச்சம் மேலே ஏறுவதால் 2,5-லும் முடியாது. மிச்சம் 2,7-ம் 3,6-ம். ஆறு ஆயிற்று.

2-1 பற்றி. நான்கு பக்கமும் திறந்திருக்கும் 2-ஐ ஒரு 1 மூலையில் தொட்டால் பொதுக் கட்டங்களில் அதிகபட்சம் ஒரு பல்ப். அதாவது மறுபக்கத்து இரண்டு கட்டங்களில் குறைந்தது ஒன்றில் பல்ப். எதில் என்று தெரியாது. அந்த 2 புதிரின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் மட்டும் மறுபக்கத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும், அங்கே பல்ப் விழும். ஓரமோ, பக்கத்தில் ஒரு கருப்போ, ஏற்கெனவே வெளிச்சம் பட்ட ஒரு கட்டமோ இருந்து மறுபக்கம் ஒன்றாகக் குறைந்தால்தான் அந்த விதி வேலை செய்யும்.

குறுக்குவழி | ஜூன் 4, மாலை 7:02

ஓரத்துல பார்த்துப் பழகினதால அப்படிச் சொன்னேன். சரி, ‘பக்கம் குறைஞ்சா’ன்னு சேர்த்துக்கோங்க.

மொட்டைப்பென்சில் | ஜூன் 4, இரவு 9:17

3,2 கிடைச்சுது. அதுக்கு இடப்பக்கம் 3,1 புள்ளி, வலப்பக்கம் கருப்பு, மேலே கருப்பு, கீழே 4,2 புள்ளி, அதுக்கும் கீழே 5,2-இல் ஏற்கெனவே வெளிச்சம், பல்ப் வைக்க முடியாது. வெளியிலிருந்து வெளிச்சம் வர வழியே இல்லை, தானே பல்பாகணும். 3 நிறைஞ்சுது, 1-ம் நிறைஞ்சுது, 2,3-க்குப் புள்ளி.

ஆனா இது 3-ஐ வச்சு வரலை. 3-ஐயே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்ததுதான் பிரச்சினை போல.

மறுபடி நின்னுட்டேன். இப்ப எண் பாக்கி ஒண்ணுதான், கீழே அந்த 1.

கருங்கட்டம் | ஜூன் 4, இரவு 9:50

இப்போது நீங்களே வைத்த 2,3-இன் புள்ளியைப் பாருங்கள். அதில் பல்ப் வராது, ஆனால் அது இன்னும் இருட்டு. புள்ளி வைத்த இருட்டுக் கட்டம்தான் இந்த விளையாட்டில் மிகப் பெரிய துப்பு. சாதாரண இருட்டுக் கட்டத்துக்கு ‘நானே பல்பாகிவிடுகிறேன்’ என்ற வழி எப்போதும் உண்டு. புள்ளி வைத்ததற்கு அந்த வழி அடைபட்டுவிட்டது, வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

2,3-க்கு இடப்பக்கமும் கீழேயும் கருப்பு. மேலே 1,3-இல் வெளிச்சம் இருப்பதால் பல்ப் வராது. வலப்பக்கம் 2,4 காலி, 2,5-இல் வெளிச்சம், அப்புறம் கருப்பு. ஆக 2,4-இல் பல்ப்.

இனி உங்கள் கட்டத்தில் இப்படி எத்தனை புள்ளியிட்ட இருட்டு மிச்சம் என்று தேடுங்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

புதுத்திரி | ஜூன் 4, இரவு 10:14

நான் புள்ளியையும் வெளிச்சத்தையும் ஒரே பெருக்கல் குறியில போட்டுக்கிட்டிருக்கேன். ரெண்டுலயும் பல்ப் வைக்க முடியாதுதானே, தனித்தனியா எதுக்குன்னு நினைச்சேன்.

கருங்கட்டம் | ஜூன் 4, இரவு 10:20

அப்படிப் போட்டால் 2,3 கண்ணுக்கே தெரியாது. பல்பிலிருந்து ஒரு மெல்லிய கோடு ஓடட்டும், அது வெளிச்சம். புள்ளி தனி. கோடு போகாத புள்ளி எது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தாளில் போடுபவர்கள் மாட்டிக்கொள்வதற்கு முதல் காரணமே இந்த ஒரே குறிதான் என்பேன்.

தூக்கமில்லாதவர் | ஜூன் 5, அதிகாலை 1:36

தாள் எதுக்கு? சைமன் டேதம் புதிர்த் தொகுப்பில் லைட் அப் இருக்கு. வெளிச்சம் பட்ட கட்டம் தானா மஞ்சளாகும், வலது கிளிக்கில் புள்ளி தனியா விழும், ஒன்றையொன்று பார்க்கிற பல்புகள் சிவப்பாகும். இந்தப் புதிரை அதில் போட, கேம் மெனுவில் `Specific...` போய் இதை ஒட்டுங்க:

```
7x7:h3c2c1d0bBg2c1c0h
```

எழுத்து என்பது எத்தனை வெள்ளைக் கட்டம் தொடர்ச்சியாக என்பதைச் சொல்லும், a என்றால் 1, h என்றால் 8. B எண் இல்லாத கருப்பு. வரிசை முடிந்தாலும் எண்ணிக்கை நிற்காமல் அடுத்த வரிசைக்கு ஓடும், அதில்தான் கையால் எழுதும்போது தப்பு வரும். எல்லாம் கூட்டினால் 49 வரணும்.

என் பிரச்சினை வேற. எனக்கு 14×14-இல் கடினமான நிலையில் ஒன்று நிற்கிறது, 2-ஐச் சுற்றி மூன்று இடம் காலி. அதுக்கும் இந்த முறை உதவுமா?

கருங்கட்டம் | ஜூன் 5, காலை 7:30

கட்டத்தைப் போடாமல் சொல்ல முடியாது. பொதுவாக ஒன்று: 2-ஐச் சுற்றி மூன்று இடம் காலி என்றால், அவற்றில் அடுத்தடுத்த பக்கத்து இரண்டுக்கும் நடுவில் உள்ள மூலைக் கட்டத்தில் பல்ப் கூடாது. அங்கே வைத்தால் அதன் வெளிச்சம் இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்துவிடும், மிஞ்சுவது ஒன்று, 2-க்குப் போதாது. 3-க்கு நான்கு மூலையிலும் இதே காரணத்தால் புள்ளி வைக்கலாம். 14×14-இல் இந்த மூலைப் புள்ளிகளை வைக்காமல் யாரும் கரையேற முடியாது.

குறுக்குவழி | ஜூன் 5, காலை 8:05

அப்ப நம்ம புதிர் முடிஞ்சுது! கீழ 6,2-ல இருக்கிற 1-க்கு 7,3 மூலைக் கட்டம். மூலையில பல்ப் கூடாது. 4,3 புள்ளியிட்ட இருட்டு, அதுக்கு வெளிச்சம் 6,3 இல்லைன்னா 7,3. 7,3 போச்சு, 6,3 பல்ப்.

கருங்கட்டம் | ஜூன் 5, காலை 8:41

விடை சரி, காரணம் தவறு. 7,3-இல் பல்ப் வைத்தால் 6,3-ம் 7,2-ம் அடைபடும், ஆனால் 1-க்கு இடப்பக்கம் 6,1 இன்னும் திறந்தே இருக்கிறது. அங்கே பல்ப் வைத்தால் 1 திருப்தியாகிவிடும். மூலை விதியை 1-க்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் மிச்சம் இரண்டே இடங்கள் இருக்க வேண்டும், அந்த மூலை இரண்டையும் பார்க்க வேண்டும்.

4,3-ஐப் பிடித்தது நல்ல பிடி. மேலே கருப்பு, வலப்பக்கம் கருப்பு, இடப்பக்கம் 4,2 புள்ளி, கீழே 5,3-இல் வெளிச்சம். ஆக 6,3 அல்லது 7,3. இரண்டில் எது என்று சொல்ல இன்னொரு புள்ளியிட்ட இருட்டுக் கட்டம் இருக்கிறது. தேடுங்கள்.

மொட்டைப்பென்சில் | ஜூன் 5, மதியம் 1:22

6,5!

6,6-இன் 0-வால் புள்ளி விழுந்தது. மேலே கருப்பு, வலப்பக்கம் கருப்பு. இடப்பக்கம் 6,4-இல் வெளிச்சம், அதைத் தாண்டி 6,3. கீழே 7,5. ஆக வெளிச்சம் 6,3-லிருந்தோ 7,5-லிருந்தோதான். 7,3-இல் பல்ப் வைத்தால் பத்தியில் 6,3 அடைபடும், ஏழாவது வரிசையில் 7,5-ம் அடைபடும். 6,5 நிரந்தரமா இருட்டு. ஆகவே 7,3 இல்லை, 6,3 பல்ப்.

அப்புறம் தானா ஓடுது. கீழே 1 நிறைஞ்சுது, 6,1-க்கும் 7,2-க்கும் புள்ளி. 6,1 புள்ளியிட்ட இருட்டு, வலப்பக்கம் கருப்பு, மேலே 5,1 புள்ளி. 7,1-இல் பல்ப். அதன் வெளிச்சம் ஏழாவது வரிசை முழுக்கப் போய் மிச்ச இருட்டையெல்லாம் தீர்த்துடுச்சு. மொத்தம் 10 பல்ப்.

```
. * . . . . .
* 3 . * . 2 *
. * 1 . . * .
0 . . # * . .
. . . * 2 . .
. 1 * . . 0 .
* . . . . . .
```

என் கட்சி தோத்துச்சு. ஆனா ஒரு சந்தேகம்: 7,3-இல் ‘வைத்தால் என்ன ஆகும்’னு பார்த்தோமே, அதுவும் ஊகம்தானே?

குறுக்குவழி | ஜூன் 5, மதியம் 1:30

அதைத்தான் முதல் நாளே சொன்னேன் :)

கருங்கட்டம் | ஜூன் 5, மாலை 5:55

@குறுக்குவழி வேறுபாடு இருக்கிறது. நீங்கள் சொன்னது 2,3-இல் வைத்துவிட்டு இடிக்கும்வரை போவது. எத்தனை பல்ப் தள்ளி இடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது, இடித்தபின் எதுவரை அழிப்பது என்ற தலைவலி வேறு. 7,3-இல் நடந்தது பல்பே வைக்காமல் ஒரு கட்டத்தைப் பார்த்துச் சொன்னது: ‘6,5-க்கு வெளிச்சம் தரக்கூடிய இரண்டு இடத்தையும் 7,3 பார்க்கிறது, ஆகவே 7,3-இல் பல்ப் வராது.’ மூலை விதியும் இதே வடிவம்தான். அங்கே எண்ணுக்குத் தேவையான இடங்கள் அடைபடுகின்றன, இங்கே இருட்டுக் கட்டத்துக்குத் தேவையானவை.

தப்பு வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு புள்ளியிட்ட இருட்டுக் கட்டத்துக்கு ஒரு வழியும் மிச்சமில்லை என்றால் எங்கோ தவறான பல்ப் இருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். அந்தக் கட்டத்தின் வரிசையிலும் பத்தியிலும் ஒவ்வொரு இடத்தையும் அடைத்தது எந்தப் பல்ப் என்று பின்னோக்கிப் போங்கள், காரணம் சொல்ல முடியாத பல்ப் ஒன்று தட்டுப்படும். கட்டம் சிவப்பாவதற்குக் காத்திருந்தால் இது தெரியாது. 7,3-இல் வைத்தவருக்கு எந்தப் பல்பும் எந்தப் பல்போடும் மோதாது, 6,5 மட்டும் சத்தமில்லாமல் இருட்டாகவே கிடக்கும்.

தூக்கமில்லாதவர் | ஜூன் 6, அதிகாலை 12:48

அந்தத் தொகுப்பின் கையேட்டிலேயே எளிய நிலை ஊகமில்லாமல் தீரும், கடினமான நிலையில் சில ஊகங்கள் தேவைப்படலாம் என்று இருக்கு. என் 14×14 கடினமான நிலை. நியாயமான ஊகமாத்தான் இருக்கும். பொதுவாக லைட் அப் தீர்ப்பது NP-முழுமை என்று 2005-இலேயே பிராண்டன் மெக்ஃபெயில் காட்டிட்டார், ஆக எல்லாப் புதிருக்கும் குறுக்குப் பாதை எதிர்பார்க்க முடியாது.

கருங்கட்டம் | ஜூன் 6, காலை 7:10

ஒரு குறிப்பிட்ட 14×14-ஐப் பற்றி அந்த முடிவு ஒன்றும் சொல்லாது. கட்டத்தைப் போடுங்கள், பார்ப்போம்.

குறுக்குவழி | ஜூன் 6, காலை 9:33

முடிஞ்ச புதிரைத் திரும்பப் பார்த்தா, 6,2-ல இருக்கிற 1 வீண். 6,3-ஐ நாம 4,3-ம் 6,5-ம் வச்சுத்தான் கண்டுபிடிச்சோம், 1 எதுவுமே செய்யலை. அங்க வெறும் # போட்டிருந்தா புதிர் இன்னும் அழகா இருந்திருக்கும்.

மொட்டைப்பென்சில் | ஜூன் 6, காலை 10:02

6,3-க்கு வேண்டாம், சரிதான். ஆனா 6,1-க்கும் 7,2-க்கும் புள்ளி வந்தது அந்த 1-ஆல. அது இல்லைன்னா மூணு விடை வருது, போட்டுப் பார்த்துட்டேன். 7,1 தனியா ஒண்ணு. 6,1-ம் 7,2-ம் சேர்ந்து ஒண்ணு. 6,1-ம் 7,5-ம் சேர்ந்து ஒண்ணு. மூணுலயும் எல்லாக் கட்டமும் வெளிச்சம், ஒண்ணும் மோதலை.

குறுக்குவழி | ஜூன் 6, காலை 10:20

அட ஆமா. ஆனா விடை ஒண்ணுதான்னு முன்னாலேயே தெரிஞ்சா அதையே துப்பா வச்சுக்கலாம்ல? ரெண்டு விடை வர்ற மாதிரி ஒரு இடம் தெரிஞ்சா, அந்த வழி இல்லைன்னு அடிச்சிட்டுப் போறது. நான் அப்படித்தான் போடுவேன்.

கருங்கட்டம் | ஜூன் 6, மதியம் 12:40

நிகோலி பத்திரிகையில் வருவதுபோல் ஒற்றை விடை உறுதியான புதிர்களில் அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் போட்டு முடித்தால் விடை ஒன்றுதான் என்று நீங்கள் நிரூபிக்கவில்லை, நம்பினீர்கள். கையால் உருவாக்கிய புதிரைச் சோதிக்கும்போது அந்த வழியைத் தொடவே கூடாது. இரட்டை விடை இருந்தாலும் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

குறுக்குவழி | ஜூன் 6, மதியம் 12:44

சோதிக்கிறவங்களுக்குச் சரி. போடுறவனுக்கு என்ன? விதிமுறையில எங்கயும் தடை இல்லையே. இதுல நான் இறங்கி வரமாட்டேன்.

புதுத்திரி | ஜூன் 6, மாலை 4:18

நேத்து நின்ன 6×6-ல புள்ளி தனி, கோடு தனின்னு மறுபடி போட்டேன். கோடு போகாத புள்ளி ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு 0 பக்கத்துல. அதை வச்சே ஒரு பல்ப் கிடைச்சுது. இன்னொண்ணுக்கு வெளிச்சம் வர நாலு இடம் காலியா இருக்கு. அந்த மாதிரி நாலு வழி இருக்கிறதை இப்பவே பார்க்கணுமா, இல்ல கடைசிக்கு விட்டுடலாமா?

மொட்டைப்பென்சில் | ஜூன் 6, மாலை 4:51

விட்டுடுங்க, புதுசா பல்ப் விழும்போதெல்லாம் திரும்ப எண்ணுங்க. ரெண்டா குறைஞ்சதும் அந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற கட்டம் எதுன்னு தேடுங்க, அதுக்குப் புள்ளி.

தூக்கமில்லாதவர் | ஜூன் 7, அதிகாலை 2:03

14×14-ஐத் தட்டச்சு பண்ணிட்டேன், கூட்டினா 195 வருது. ஒரு கட்டம் எங்கேயோ போச்சு. நாளைக்குப் போடறேன்.